எலுமிச்சை நிறத்தாள் எந்த எலுமிச்சை?



நம் தொடர்கதைப் பக்கத்துக்கு வரும் பிரதிகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: “எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள்.” வாசுதேவநல்லூரில் உட்கார்ந்து இந்த வரியை வாசிக்கிறவருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. தெற்கே அடுத்த ஊர் புளியங்குடி, எலுமிச்சைக்கே பேர்போன சந்தை. இந்தப் பக்கத்துக்காரர்களிடம் எலுமிச்சை நிறம் என்றால், “எந்த நிறம்?” என்று திருப்பிக் கேட்பார்கள். மரத்தில் இருக்கும்போது கரும்பச்சை, முற்றும்போது இளம்பச்சை, பழுத்தால் மஞ்சள், சொறிநோய் விழுந்தால் தோலெல்லாம் பழுப்புப் புள்ளி. கமிஷன் கடையில் இவற்றைத் தனித்தனியாகப் பொறுக்கித்தான் குவிப்பார்கள். கதைக்குள் வந்த பெண்ணை எந்தக் குவியலில் சேர்ப்பது?

எழுதியவர் பழத்தைப் பார்த்து எழுதவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அவர் சொல்ல வந்தது வேறு. இவள் சிவப்பு, இவள் அழகி, இவள்தான் கதாநாயகி, மேலே வாசியுங்கள் என்கிறார். ஒரு பெண்ணைக் கண்முன் நிறுத்த வேண்டிய வரி, அவளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாவலாசிரியர்கள் நிறத்தை எப்படி எழுதலாம் என்பதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச வேண்டும்.

சாப்பாட்டு உவமைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பால், வெண்ணெய், எலுமிச்சை, மாம்பழம், கோதுமை எல்லாம் வெளுத்த நிறத்தாருக்கு. அரிசிச் சோறு தின்று வளர்ந்த ஊரில் கோதுமை எப்படி ஒரு பெண்ணின் நிறமாயிற்று என்று யோசித்தால், கல்யாண விளம்பரத்தின் வாசம் அடிக்கும். கறுத்தவர்களுக்கு அடுப்படியில் இருந்து கிடைப்பது சாப்பாடு கிடையாது, அடுப்புக்கரியும் சட்டிக்கரியும்தான். அடுப்படிக்கு வெளியே வந்தால் தாரும் அண்டங்காக்கையும். வெளுத்தவர்கள் தின்னத்தக்கவர்கள், கறுத்தவர்கள் சமைத்த பிறகு மிஞ்சுகிறவர்கள் என்று நம் உவமைகளே ஒரு வரிசை பிடித்து வைத்திருக்கின்றன. இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் கறுத்த பெண்ணுக்கு நாவற்பழத்தையும் காப்பிக்கொட்டையையும் கருப்பட்டியையும் கொண்டுவருகிறார்கள். அப்போதும் அவள் தட்டில்தான் இருக்கிறாள். ஆங்கில நாவல்களில் சாக்லேட், காப்பி, கேரமல் என்று எழுதுவதைக் கறுப்பின வாசகர்கள் வெறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரும்பும் காப்பியும் கொக்கோவும் விளைந்த தோட்டங்களில் அவர்களுடைய முன்னோர் அடிமைகளாக உழைத்தார்கள். அந்த விளைச்சலின் பெயரையே பேரப்பிள்ளைகளின் தோலுக்கும் வைத்தால் எப்படி இருக்கும்?

உவமையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போவதற்கு 2020 ஆக வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் ஷாதி டாட் காம் இணையதளம், வரன் தேடுகிறவர்கள் தோல் நிறத்தை வைத்துச் சலித்தெடுக்கும் வசதியை நீக்கியது. இரண்டு தலைமுறை வாசகர்கள் இந்தச் சல்லடைக்குள் வளர்ந்தவர்கள். எனவே நாவலாசிரியர் ‘எலுமிச்சை’ என்றதும் அவர்கள் மனதில் பழம் வராது. களிம்பு விளம்பரம்தான் வரும்.

நம் பழைய கவிஞர்களிடம் இதற்கு வேறொரு வழி இருந்தது. திருக்குறளில் 119-ஆவது அதிகாரம் பசப்புறு பருவரல். பத்துக் குறளும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பிரிவில் ஒரு பெண்ணின் தோல் நிறம் மாறுவது. அவள் கறுப்பா சிவப்பா என்று அந்த அதிகாரம் அளந்து சொல்லவில்லை. அணைத்துக் கிடந்தவள் கொஞ்சம் புரண்டு விலகிய அந்த நேரத்துக்குள் பசலை வந்து படர்ந்துவிட்டது என்கிறாள் ஒருத்தி. அங்கே நிறம் ஒரு சம்பவம். எப்போது வந்தது, எதனால் வந்தது, யாருக்குத் தெரிந்தது என்பதுதான் செய்தி. கம்பனும் காட்டுக்கு நடந்து போகும் இராமனின் கறுப்புக்கு உவமைகளை அடுக்கிப் பார்க்கிறான். கடைசியில் உவமைகளை விட்டுவிட்டு வாய்விட்டு வியக்கிறான். அந்த வியப்பில் இராமனின் கறுப்போடு, அதைப் பார்த்துத் தடுமாறும் ஒரு கண்ணும் நமக்குக் கிடைக்கிறது.

இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். யாரோ ஒருவர், ஏதோ ஒரு வெளிச்சத்தில், ஏதோ ஒரு காரணத்தோடு பார்க்கும்போதுதான் நிறம் கதைக்குள் வருகிறது. அந்தப் பார்வையை எழுதிவிட்டால் உவமைக்குத் தேவையே இல்லாமல் போகும்.

நிறமே இல்லாமலும் ஆளை வேறுபடுத்த முடியும் என்பதற்கு உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. எங்கள் ஊர் சிந்தாமணிநாதர் கோயிலில் சாமி அர்த்தநாரீஸ்வரர். காலண்டர் படத்தில் அர்த்தநாரீஸ்வரரைப் போடுகிற ஓவியருக்கு வேலை சுலபம். வலப்பாதிக்கு ஒரு நிறம், இடப்பாதிக்கு இன்னொரு நிறம் என்று பூசிவிடலாம். கல்லில் செதுக்குகிற சிற்பிக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பாதியும் ஒரே கல், ஒரே நிறம். அவர் என்ன செய்கிறார்? ஒரு காதில் ஆணின் குழை, மறு காதில் பெண்ணின் தோடு. ஒரு பக்கம் சடைமுடி, மறுபக்கம் வாரிய கூந்தல். ஒரு இடுப்பு நேராக இறங்க, மறு இடுப்பு வளைகிறது. ஒரே உடம்பில் இரண்டு ஆட்களை நிறத்தின் துணையே இல்லாமல் காட்டிவிடுகிறார். கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்தும்போது முதல் வரியிலேயே நிறத்தைத் தேடுகிறவர்கள், நிறம் இல்லாமல் அந்த ஆளை எழுத முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முடிந்தால், பிறகு சேர்க்கும் நிறத்துக்குக் கதையில் ஒரு வேலை இருக்கும்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். வரும் பிரதிகளின் போக்கில் நானே எழுதிய வரிகள் இவை:

“எலுமிச்சம்பழ நிறத்தில் தகதகவென்று இருந்தாள் செல்வி. கூட வந்த பேச்சியம்மாள் கறுப்பாக இருந்தாலும் களையான முகம்.”

இரண்டே வாக்கியம். இரண்டு பெண்களும் எலுமிச்சைக் கமிஷன் கடையில் காய் பொறுக்குகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பேச்சியம்மாளைப் பெண் பார்க்க வந்திருக்கும் அத்தையின் கண்ணால் இதை எழுதலாம்:

“அத்தையின் கண் பேச்சியம்மாளின் முகத்தில் இருந்து கழுத்துக்கு இறங்கியது. பவுடர் தாடையோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே கழுத்து கறுப்பாக இருந்தது. ‘புள்ள வெயில்லயா வேலை பாக்குது?’ என்று கேட்டுவிட்டு அத்தை காப்பித் தம்ளரை எடுத்தாள்.”

பேச்சியம்மாள் கறுப்பு என்பது தெரிந்துவிட்டது. பவுடர் எதற்காகப் பூசப்பட்டது என்பதும் தெரிகிறது. அத்தை எப்படிப்பட்டவள் என்பதும் தெரிகிறது. இனி அதே பேச்சியம்மாள் தன்னையே பார்க்கட்டும்:

“ராத்திரி கடிகாரத்தைக் கழற்றினாள். பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. பள்ளிக்கூடம் போன காலத்து நிறம். பக்கத்தில் கிடந்த செல்வியின் கையை இழுத்து அதோடு சேர்த்துப் பார்த்தாள். சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை.”

இங்கே ஊரார் செல்வியைச் சிவப்பு என்றும் பேச்சியம்மாளைக் கறுப்பு என்றும் பிரித்து வைத்ததில் பாதி, வெயிலின் வேலை என்று வாசகருக்குப் புரிகிறது. செல்வியின் நிறமும் கிடைத்துவிட்டது. அவளுக்கென்று தனியாக ஒரு உவமை வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாக, கடையில் கணக்கு எழுதும் பையன் ஒருவன் பார்க்கிறான்:

“பொழுது மலைக்குப் பின்னால் போனதும் கடையில் விளக்கைப் போட்டார்கள். குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளின் கறுத்த நெற்றியில், வேர்வை இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் நின்றது. அவள் நிமிர்ந்தாள். வெளிச்சம் கன்னத்து எலும்புக்கு மாறியது. அவன் கூட்டிய கணக்கை மறுபடி கூட்டினான்.”

மூன்றிலும் நிறம் ஒன்றுதான். பார்க்கும் ஆள் மாறியதும் அதன் பொருள் மாறிவிட்டது. மூன்றில் இரண்டு இடங்களில் கறுப்பு என்ற சொல் வெளிப்படையாகவே வந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிலர் கறுப்பு என்று எழுதுவதே அவமரியாதை என்று நினைத்துக்கொண்டு தேக்கு, தாமிரம், மழைமேகம் என்று சுற்றி வளைக்கிறார்கள். பழத்தை எடுத்துவிட்டு மரத்தை வைப்பதால் ஒன்றும் மாறாது. கறுப்பு, மாநிறம், புதுநிறம் என்று நம் பக்கம் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் போதும். அந்தச் சொல்லை ஒருமுறை நேராகச் சொல்லிவிட்டு, கண் பார்த்த ஒரு விவரத்தை அதன் பக்கத்தில் வையுங்கள்.

அந்த விவரம் எங்கே கிடைக்கும்? உடம்பைக் கவனித்தால் கிடைக்கும். எந்த மனிதரும் தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில் இருப்பதில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுத்திருக்கும். விரல் முட்டி, முழங்கை, பின்கழுத்து கறுத்திருக்கும். சட்டைக் கைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். வயலில் நிற்பவருக்கும் கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்தக் கோடு வேறு வேறு இடத்தில் விழும். ஒருவர் செய்யும் தொழிலை அந்தக் கோட்டிலேயே சொல்லிவிடலாம். வெளிச்சமும் அப்படித்தான். மலையடிவாரத்து ஊர்களில் பொழுது சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சாயங்காலம் நிழலில்தான் முகங்களைப் பார்க்க முடியும். சாரல் காலத்து மூட்டத்தில் ஒரு முகமும் பங்குனி வெயிலில் அதே முகமும் ஒன்றாக இருக்காது. காட்சி எந்தப் பொழுதில் நடக்கிறது என்று தெரியாமல் நிறத்தை எழுதினால் அது விளம்பர நிறமாகத்தான் வரும்.

உணர்ச்சியை எழுதும்போது நிறைய பேர் சறுக்குகிறார்கள். வெட்கப்பட்டால் கன்னம் சிவந்தது, பயந்தால் முகம் வெளுத்தது என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. தோலுக்கடியில் ரத்தம் பாய்வதோ வடிவதோ, கறுத்த தோலில் அந்த அளவுக்கு நிற மாற்றமாக வெளியே தெரியாது. ஒரு பெண்ணைக் கறுப்பு என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு முப்பதாம் பக்கத்தில் அவள் கன்னம் ரோஜாவாய்ச் சிவந்தது என்று எழுதினால், நடுவில் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம். வெட்கம் சூடாகத் தெரியும். காதுமடல் சுடும், கழுத்தில் வேர்வை அரும்பும், பார்வை தாழும். பயமும் சோர்வும் வந்தால் கறுத்த தோல் பளபளப்பை இழந்து சாம்பல் பூத்ததுபோல ஆகும், உதடு வறளும். ரத்தச்சோகையைப் பார்க்கும் டாக்டர்கள் கன்னத்தைப் பார்ப்பதில்லை. கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்ப்பார்கள், நாக்கையும் நகத்தையும் உள்ளங்கையையும் பார்ப்பார்கள். மஞ்சள்காமாலைக்குக் கண்ணின் வெண்பகுதி. நாவலாசிரியரும் அங்கேதான் பார்க்க வேண்டும். ‘முகம் கறுத்துப்போயிற்று’ என்ற வழக்கும் இப்படித்தான். ஏற்கனவே கறுத்த முகத்துக்கு அதை எழுதும்போது ஒன்றும் தெரியாது. அவமானத்தின் நிறம் கறுப்பு என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

பழைய காலத்துக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டியின் கல்யாணப் போட்டோவைப் பார்த்து அவள் நிறத்தை எழுதாதீர்கள். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் ‘டச்சப்’ செய்வார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். முகத்தில் தழும்பும் சுருக்கமும் மறையும். கூடவே முகமே ஒரு படி வெளுக்கும். பெரும்பாலும் முகத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மடியில் கோத்திருக்கும் கையைப் பாருங்கள். முகமும் கையும் இரண்டு பேருடையவைபோல இருந்தால், அந்த வித்தியாசமே உங்கள் நாவலுக்கு ஒரு நல்ல காட்சி.

இனி, எழுதி முடித்த பிரதியில் என்ன பார்க்க வேண்டும்? ஒரு பென்சிலை எடுத்து நிறம் குறித்த சொற்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். முதல் கேள்வி, யாருக்கு நிறம் சொல்லப்பட்டிருக்கிறது? பல பிரதிகளில் கதாநாயகிக்கும், கூலி வேலை செய்கிறவருக்கும், வில்லனுக்கும் மட்டும் நிறம் இருக்கும். வக்கீல், வாத்தியார், டாக்டர் எல்லாம் நிறமில்லாமல் நடமாடுவார்கள். சொல்லாமல் விட்டவர்களை வாசகர் தானாகவே வெளுப்பாக்கிக்கொள்வார். கறுத்த வக்கீலும் வெளுத்த கொத்தனாரும் நம் ஊர்களில் ஏராளம். கருப்பசாமி என்ற பெயர் குலசாமிக்காக வைத்தது. அந்தப் பெயர்க்காரர் எந்த நிறத்திலும் இருப்பார். வெள்ளைச்சாமி என்ற பெயரில் கறுத்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நிறத்தை வைத்துச் சாதியையும் தொழிலையும் குணத்தையும் வாசகர் ஊகிக்கட்டும் என்று விட்டால், எழுதாத ஒரு பொய்யை அவர் தலையில் ஏற்றுகிறோம்.

இரண்டாவது கேள்வி, நிறச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘இருந்தாலும்’, ‘ஆனால்’ வருகிறதா? ‘கறுப்பாக இருந்தாலும் களை’ என்ற வாக்கியத்தில் பாராட்டு இருப்பதாகத் தோன்றும். களை கறுப்போடு சேராது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, இவளுக்கு மட்டும் சலுகை தருகிற வாக்கியம் அது. ‘சிவப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். அபத்தமாகக் காதில் விழுகிறதா? அப்படியானால் முதல் வாக்கியமும் பிழைதான். ‘இருந்தாலும்’ என்பதை வெட்டிவிட்டு, அந்தக் களை எதில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் கண்ணிலோ, பேச்சிலோ, சிரிப்பு தொடங்கும் இடத்திலோ இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கதைமாந்தர் பேச்சில்கூட இந்தச் சொற்கள் வரக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். தாராளமாக வரலாம். ஊரில் அம்மாக்கள் எலுமிச்சம்பழ நிறத்து மருமகள் வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். பையன்கள் ஒருவனையொருவன் கருவாயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைத் துடைத்துவிட்டு எழுதினால் ஊர் பொய்யாகிவிடும். டோனி மாரிசன் 2015-இல் வெளியிட்ட ‘காட் ஹெல்ப் த சைல்ட்’ நாவலை ஒரு தாயின் குரலில் தொடங்குகிறார். தாய் வெளிர் நிறத்தவள். பிறந்த குழந்தையோ கன்னங்கறுப்பு. அங்கே குழந்தையின் நிறத்தைப் பற்றிய கடுஞ்சொற்கள் அந்தத் தாயின் வாயில்தான் வருகின்றன. குழந்தை எப்படி இருந்தது என்பதைவிடத் தாய் எதற்குப் பயந்தாள் என்பதே நமக்கு அதிகம் தெரிகிறது. அப்படி வளர்க்கப்பட்ட மகளின் வாழ்க்கை பின்னால் விரிகிறது. வசைச் சொல்லை எழுதுகிறவர் அது யாருடைய வாயில் இருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். அது போய் விழுந்த ஆளோடு கொஞ்ச நேரம் இருக்கவும் வேண்டும். கதைசொல்லியின் குரலே அந்தச் சொல்லைச் சொல்லும்போதுதான் சிக்கல். அப்போது அது ஒரு பாத்திரத்தின் பார்வையாக நிற்காமல் நாவலின் தீர்ப்பாகிவிடுகிறது.

அடுத்த இதழில் இருந்து தொடர்கதைப் பிரதிகளைத் திருத்தும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யப்போகிறோம். எந்த நிறச் சொல்லையும் நாங்களாக வெட்டமாட்டோம். அது வரும் இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதி உங்களுக்கே திருப்பி அனுப்புவோம்: “பார்ப்பது யார்?” பதில் இருந்தால் வரி அப்படியே அச்சுக்குப் போகும். பதில் இல்லையென்றால் என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வாசகர்களும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இதழின் கதைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். எங்கள் பென்சிலுக்குத் தப்பியவை உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

அன்புடன்,
ஆசிரியர்
வாசுதேவநல்லூர்